மார்கழியில் அடுப்பு விற்ற மகராசன்

அமெரிக்காவில் ஆல்பர்ட் டன்லப் என்று ஒரு மகராசன் இருந்தார். ஊர் வைத்த பட்டப்பெயர் 'செயின்சா ஆல்'. செயின்சா என்றால் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம். இவர் மரத்தைத் தொட்டதில்லை, ஆட்களைத்தான் அறுப்பார். எந்தக் கம்பெனிக்குத் தலைமை அதிகாரியாகப் போனாலும், நாற்காலி சூடாவதற்குள் கும்பல் கும்பலாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வேறு யாராவது என்றால் இதை வெளியில் சொல்லக் கூச்சப்படுவார்கள். இவர் தோட்டா மாலையை மாட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு போட்டோவுக்கு நின்றார். கணக்குப்பிள்ளைகள் அந்தப் போட்டோவைப் பார்த்தபோதே கொஞ்சம் உஷாராகியிருக்கலாம்.

ஸ்காட் பேப்பர் என்ற காகிதக் கம்பெனியை அறுத்து, இளைக்கவைத்து, 1995-ல் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு, சுமார் 10 கோடி டாலரோடு வெளியே வந்தார். 1996 ஜூலையில் சன்பீம் கம்பெனி அவரைக் கூப்பிட்டது. மிக்ஸி, டோஸ்டர், மின்சாரப் போர்வை, தோட்டத்தில் வைத்துக் கறி சுடும் கேஸ் அடுப்பு எல்லாம் செய்கிற கம்பெனி. செய்தி வந்த அன்றே 12.50 டாலராக இருந்த பங்கு 18.63-க்குப் போனது. மாப்பிள்ளை இன்னும் மண்டபத்துக்கே வரவில்லை. அதற்குள் பெண் வீட்டுச் சொத்துக்கு ஒன்றரை மடங்கு விலை!

மண்டபத்துக்கு வந்ததும் வேலையைக் காட்டினார். 12,000 பேரில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது, 26 தொழிற்சாலைகளில் 18 கிடையாது என்று அந்த நவம்பரில் அறிவித்தார். பங்குச் சந்தை விசிலடித்தது. இது வரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நமக்கு வேண்டியது அதற்கு அப்புறம் கணக்குப் புத்தகத்துக்குள் நடந்த திருவிளையாடல்.

முதல் காட்சி, எண்ணெய்க் குளியல். புதிதாக வந்த தலைமை அதிகாரிக்கு முதல் வருஷம் ஒரு சலுகை உண்டு. எவ்வளவு நஷ்டம் காட்டினாலும், "போனவர் வைத்துவிட்டுப் போன அழுக்கு" என்று சொல்லிக்கொள்ளலாம். அழுக்கோ அழுக்கு என்று தேய்த்தார் டன்லப். 1996 கணக்கில் ஒரே அடியாக 33.8 கோடி டாலர் செலவு எழுதினார். ஆலை மூடும் செலவு, ஆட்களை அனுப்பும் செலவு, விலைபோகாது என்று மதிப்பைக் குறைத்த சரக்கு, வரக்கூடும் என்று நினைத்த வழக்குச் செலவு, எல்லாம் அதில் அடக்கம். அந்த வருஷ நஷ்டம் 22.8 கோடி. "இதெல்லாம் ஒரே ஒரு தடவை வருகிற செலவு, கண்டுகொள்ளாதீர்கள்" என்றது கம்பெனி. சந்தையும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டது.

இந்த 33.8 கோடியில் பெரும்பகுதி அந்த வருஷம் கல்லாவை விட்டு வெளியே போகவே இல்லை. நாளைக்குக் கொடுக்கவேண்டியதை இன்றைக்கே செலவாக எழுதி எடுத்துவைப்பதற்கு ஒதுக்கீடு என்று பெயர். மூடப்போகிற ஆலைக்கு ஐந்து கோடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருஷமே ஏழு கோடி என்று எழுதிவிட்டால், அடுத்த வருஷம் ஐந்து கோடி நிஜமாகச் செலவான பிறகு இரண்டு கோடி மிச்சம். "அட, அவ்வளவு ஆகவில்லையே" என்று வியந்தபடி அந்த இரண்டு கோடியை அடுத்த வருஷ லாபத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டி கடுகு டப்பாவில் போட்டு வைக்கிற காசு மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம், பாட்டியின் டப்பாவில் காசு இருக்கும். இந்த டப்பாவில் இருப்பது வெறும் பேனா மை.

சரக்கிலும் இதே வித்தைதான். பத்து டாலருக்குச் செய்த மிக்ஸியை "இது இரண்டு டாலர்கூடத் தேறாது" என்று 1996-ல் எழுதித் தள்ளிவிட்டு, 1997-ல் ஒன்பது டாலருக்கு விற்றால் புத்தகத்தில் ஏழு டாலர் லாபம். நஷ்டத்துக்கு விற்ற பொருள் லாபம் கொண்டுவருகிறது. திருவிளையாடல் என்று சும்மாவா சொன்னேன்.

இரண்டாம் காட்சி, 1997. விற்பனை 98.4 கோடியிலிருந்து 116.8 கோடி. நிகர லாபம் 10.9 கோடி. செத்துக் கிடந்த கம்பெனி எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறது. 1998 மார்ச்சில் பங்கு 52 டாலரைத் தொட்டது. அந்த நேரத்தில் வெளிவந்த ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் மட்டும், கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து முணுமுணுக்கிற கிழவர் மாதிரி, வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதுதான் பண ஓட்ட அறிக்கை, ஆபீஸ் பாஷையில் கேஷ் ஃப்ளோ. முதல் பக்கத்து லாபத்தைப் படிக்கவே கைதட்டல் ஓயவில்லை. கிழவர் பேச்சை யார் கேட்கிறார்கள்?

நாம் கேட்போம். லாபக் கணக்கு "விற்றேன்" என்று சொல்லும். பண ஓட்ட அறிக்கை "காசு வந்ததா?" என்று கேட்கும். அது நிகர லாபத்தில் தொடங்கி, பணமாக வராததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்து, பணமாகப் போகாத செலவுகளைத் திரும்பக் கூட்டி, கடைசியில் தொழிலிலிருந்து கல்லாவில் உண்மையில் விழுந்தது எவ்வளவு என்று நிற்கும். அந்தக் கடைசி வரிதான் ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ.

சன்பீமின் 1997 பக்கத்தில் விரலை வைத்துக் கீழே இறங்குவோம். உச்சியில் 10.9 கோடி லாபம். தேய்மானம் 3.9 கோடியைத் திரும்பக் கூட்டு. அது பணமாகப் போகாத செலவு. இதுவரை சுகம். அடுத்து வாடிக்கையாளர் கடன் பாக்கி 8.5 கோடி கூடியிருக்கிறது, கழி. கையிருப்புச் சரக்கு 10.1 கோடி கூடியிருக்கிறது, அதையும் கழி. இதிலேயே லாபமும் தேய்மானமும் கரைந்து, மேலும் கொஞ்சம் துண்டு விழுகிறது. அப்புறம் சீரமைப்பு ஒதுக்கீடு 4.3 கோடி கரைந்திருக்கிறது, கழி. இந்த வருஷம் கையிலிருந்து கட்டவேண்டியிராத வரி நல்லவேளையாகக் கைகொடுக்கிறது. மற்ற வரவு பற்றெல்லாம் போக, அடிக்கோட்டுக்குக் கீழே நிற்பது மைனஸ் 82 லட்சம் டாலர்.

10.9 கோடி சம்பாதித்தேன் என்று மேடையில் மாலை வாங்கிக்கொண்டவர் கல்லாவைத் திறந்தால் 82 லட்சம் குறைகிறது. இதைவிடப் பெரிய வேடிக்கை பக்கத்துப் பத்தியில் இருக்கிறது. 22.8 கோடி நஷ்டம் என்று ஊரே அழுத 1996-ல் தொழிலிலிருந்து சுமார் 1.4 கோடி பணம் உள்ளே வந்திருந்தது. நஷ்ட வருஷம் காசு வருகிறது. லாப வருஷம் காசு போகிறது. இப்படி இரண்டும் தலைகீழாக நின்றால், எந்த வருஷத்து லாபத்தை எந்த வருஷத்துக்கு மாற்றினார்கள் என்பதே முதல் கேள்வி.

பண ஓட்டம் மைனஸ் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் திருடன் என்று சொல்லிவிட முடியாது. வேகமாக வளர்கிற கடைக்குச் சரக்கும் கூடும், கடனும் கூடும். ஆகையால் அடுத்து அளக்கவேண்டியது, விற்பனை கூடிய வேகத்தையும் பாக்கி கூடிய வேகத்தையும். சன்பீமின் விற்பனை கூடியது 19 சதவீதம். சரக்கு இருப்பு 16.2 கோடியிலிருந்து 25.6 கோடி, கிட்டத்தட்ட 58 சதவீதம். கடன் பாக்கி 21.3 கோடியிலிருந்து 29.6 கோடி. இது 39 சதவீதம், ஏதோ பரவாயில்லை போல இருக்கிறதே என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பொடி எழுத்துக் குறிப்புக்குப் போகவேண்டும்.

1997 டிசம்பரில், வருஷம் முடிய ஒரு சில நாள் இருக்கையில், சன்பீம் தன் கடன் பாக்கியில் ஒரு பகுதியை விற்றுவிட்டு சுமார் 5.9 கோடி டாலரை ரொக்கமாக வாங்கிக்கொண்டது. அண்ணாச்சி கடையில் கடன் நோட்டை அடகுக் கடையில் வைத்துக் காசு வாங்கி, அதைக் கல்லாவில் போட்டு, "இன்றைக்கு வியாபாரம் அமோகம்" என்று சொல்வதைப் போல. பெயரைப் பார்த்தால் வசூல். குணத்தைப் பார்த்தால் கடன். சட்டப்படி தப்பில்லை, ஆனால் நம் கணக்குக்கு அது தொழில் வரவு அல்ல. மைனஸ் 82 லட்சத்திலிருந்து 5.9 கோடியைக் கழித்தால் நிஜமான பண ஓட்டம் மைனஸ் 6.7 கோடி. விற்ற பாக்கியைத் திரும்பக் கூட்டினால் கடன் பாக்கி 35.5 கோடி, 39 சதவீதம் 66 ஆகிவிடுகிறது. 1996-ல் 79 நாள் விற்பனை அளவுக்கு இருந்த பாக்கி, ஒரே வருஷத்தில் 111 நாளாகியிருக்கிறது. வாங்கியவன் சராசரியாக ஒரு மாதம் கூடுதலாகக் கழித்துக் காசு கொடுக்கிறான். ஏன்?

ஏனென்றால் அவன் வாங்கவே இல்லை. மூன்றாம் காட்சி, அடுப்பு.

அமெரிக்காவில் தோட்டத்து அடுப்பு விற்கும் காலம் வசந்தமும் கோடையும். டிசம்பரில் தோட்டத்தில் கோழி சுடப் போனால், கோழிக்கு முன்னால் நாம் விறைத்துப்போவோம். அப்படிப்பட்ட மாதத்தில் சன்பீம் அடுப்புகளைக் கடைக்காரர்கள் தலையில் கட்டியது. "இப்போதே வாங்கிக்கொள், தள்ளுபடி தருகிறேன். காசு ஆறு மாதம் கழித்துக் கொடு. இடம் இல்லையா? கவலையே வேண்டாம், நானே கிடங்கு பிடித்து வைத்துக்கொள்கிறேன். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு." கடைக்காரருக்கு இதில் கசப்பு என்ன இருக்கிறது? காசும் இல்லை, சரக்கும் இல்லை, கவலையும் இல்லை. சரி என்று தலையாட்டினார். அடுப்பு சன்பீம் வாடகை கொடுக்கிற கிடங்கில் தூங்கியது. பில் மட்டும் போய்ச் சேர்ந்தது. பில் போன நாளே விற்பனை; விற்பனை ஆன நாளே லாபம். இப்படி 'பில் போட்டுப் பொருளைப் பிடித்துவைத்த' விற்பனை மொத்தத்தில் சுமார் 3 சதவீதம் என்று ஆண்டறிக்கையே ஒத்துக்கொண்டது. கேட்கச் சிறிதுதான். 116.8 கோடியில் 3 சதவீதம் மூன்றரைக் கோடி. அதில் பெரும்பகுதி வருஷக் கடைசியில் வந்து குவிந்தது.

இன்னும் ஒரு முத்து உண்டு. மிக்ஸி, டோஸ்டருக்கான உதிரி பாகங்களை, அவற்றை வாடிக்கையாளருக்கு அனுப்பித் தருகிற நிறுவனத்துக்கே 1.1 கோடி டாலருக்கு விற்றதாக டிசம்பரில் எழுதினார்கள். அந்த நிறுவனம் போட்ட மதிப்பு 20 லட்சம்தான் என்று பிற்பாடு பங்குச் சந்தை ஆணையம் சொன்னது. ஒப்பந்தம் ஜனவரியில் தானாகவே காலாவதியாகும்படி எழுதியிருந்தது. மார்கழியில் கல்யாணம், தை பிறந்தால் விவாகரத்து!

இனி ஒருமுறைச் செலவு விவகாரம். இங்கேதான் பலர் வழுக்கி விழுவார்கள். கம்பெனி "1996-ன் 33.8 கோடியை மறந்துவிடுங்கள், ஒருமுறைதான்" என்கிறது. பொதுவாக அது நியாயமான கோரிக்கை. தீ விபத்தோ, கட்டடம் விற்ற லாபமோ வருஷா வருஷம் வராது; அதை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் தொழிலின் நாடி தெரியும். ஆனால் 1996-க்கு மட்டும் அதை நீக்கிவிட்டு, அந்த ஒதுக்கீட்டிலிருந்து 1997-க்குள் ஒழுகிய லாபத்தை நீக்காமல் விட்டால், கழுதையின் வாலை மட்டும் வெட்டிவிட்டுக் குதிரை என்று விற்கிற கதையாகிவிடும்.

சீரமைப்பு ஒதுக்கீடு 4.3 கோடி கரைந்தது என்று பார்த்தோமே, அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். ஒதுக்கீடு இரண்டே வழியில்தான் கரையும். ஒன்று, நிஜமாகவே ஆட்களுக்கும் ஆலைக்கும் பணம் கொடுத்திருக்கவேண்டும். அப்படியென்றால் அது பழைய பாவத்துக்கு ஒரே தடவை கொடுத்த காசு; 1997-ன் பண ஓட்டத்தைக் குறை சொல்லும்போது அதைத் திரும்பக் கூட்டிக் கொடுப்பதே நியாயம். இரண்டு, காசு கொடுக்காமல் டப்பாவைக் கவிழ்த்து லாபத்தில் கொட்டியிருக்கவேண்டும். அப்படியென்றால் பண ஓட்டத்தைத் தொடவேண்டாம், லாபத்தில் கழிக்கவேண்டும். பண ஓட்டப் பக்கத்தில் இரண்டும் ஒரே வரியில், ஒரே முகத்தோடு நிற்கும். பிரித்துச் சொல்வது ஒதுக்கீட்டுக் குறிப்புதான். அதில் தொடக்க இருப்பு, சேர்த்தது, பணமாகக் கொடுத்தது, திருப்பி எழுதியது, கடைசி இருப்பு என்று தனித்தனியாகத் தேடவேண்டும். அப்படிப் பிரித்துக் காட்டாத கம்பெனி நம் சந்தேகத்துக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டது.

டன்லப்புக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லிப் பார்ப்போம். 4.3 கோடி முழுவதும் நிஜமாகக் கொடுத்த காசு என்றே வைத்துக்கொள்வோம். மைனஸ் 6.7 கோடியில் அதைக் கூட்டினால் மைனஸ் 2.4 கோடி. வக்கீல் இல்லாமலே அவருக்கு இவ்வளவு வாதாடியும், 10.9 கோடி லாபத்துக்குப் பின்னால் ஒரு டாலர்கூட ரொக்கம் இல்லை. இன்னொரு வழியும் இருக்கிறது, இதுதான் எனக்குப் பிடித்தது: ஒருமுறைச் செலவு பற்றிச் சண்டையே போடாமல் இரண்டு வருஷத்தையும் சேர்த்துவிடுவது. நஷ்டம் 22.8, லாபம் 10.9, இரண்டும் சேர்ந்து நிகரமாக 11.9 கோடி நஷ்டம். வருஷத்துக்கு வருஷம் டப்பாவை மாற்றி மாற்றி வைக்கலாம். சேர்த்துக் கூட்டும்போது டப்பா எங்கே ஒளியும்?

இந்தச் சோதனை சர்வரோக நிவாரணி அல்ல. நம் ஊர் சத்யம் கம்பெனியில் கடன் பாக்கி மட்டுமல்ல, வங்கியில் இருப்பதாகச் சொன்ன காசே பொய். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றார். கல்லாவையே காகிதத்தில் வரைந்துவிட்டவரிடம், லாபத்துக்குக் கல்லா சாட்சி சொல்கிறதா என்று பார்த்துப் பயனில்லை. அங்கே வங்கிக்கு நேரே எழுதிக் கேட்கவேண்டும். டன்லப் அந்த அளவுக்குப் போகவில்லை. பாவம், அவர் பண ஓட்டப் பக்கத்தை நேர்மையாகவே அச்சடித்துக் கொடுத்தார். படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை.

கடைசிக் காட்சி சீக்கிரம் வந்தது. டிசம்பரிலேயே அடுப்பு விற்றாகிவிட்டதால் வசந்தத்தில் வாங்க ஆளில்லை. 1998-ன் முதல் மூன்று மாதத்தில் 4.46 கோடி நஷ்டம். பங்கு சரிந்தது. ஜூனில் 'பேரன்ஸ்' பத்திரிகையில் ஜோனதன் லைங் என்பவர், 1997 லாபத்தில் பெரும்பகுதி செய்துவைத்த லாபம் என்று பிரித்து மேய்ந்தார். ஒரு வருஷத்துக்கு முன்பே அவர் இதே கம்பெனியைப் பற்றிச் சந்தேகப்பட்டு எழுதியிருந்தார். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தத் தடவை இயக்குநர்கள் விழித்தார்கள். ஜூன் 13, சனிக்கிழமை. ஆறாயிரம் பேருக்கு வேலை போன செய்தியை அறிவித்த மனிதருக்கு, அவர் வேலை போன செய்தி தொலைபேசியில் வந்தது.

கணக்கைத் திருத்தி எழுதியபோது 1997-ன் 10.9 கோடி லாபம் 3.8 கோடியாக இளைத்தது, 1996-ன் 22.8 கோடி நஷ்டமும் 20.9 கோடியாகக் குறைந்தது. அழுக்கு அவ்வளவு இல்லையாம், எண்ணெய் கொஞ்சம் கூடிப்போயிருந்ததாம். வரிக்கு முந்தைய 18.9 கோடியில் குறைந்தது 6.2 கோடி மோசடி என்றது பங்குச் சந்தை ஆணையம். தணிக்கை செய்தவர்கள் ஆர்தர் ஆண்டர்சன். பங்குதாரர்களுக்கு 11 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். சன்பீம் 2001 பிப்ரவரியில் திவால் மனு போட்டது.

டன்லப் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பங்குதாரர் வழக்கில் 1.5 கோடி டாலர், 2002-ல் ஆணையத்துக்கு அபராதம் 5 லட்சம் டாலர். இனி எந்தப் பொதுப் பங்குக் கம்பெனியிலும் அதிகாரியாகவோ இயக்குநராகவோ உட்காரக் கூடாது என்ற தடை வேறு. தள்ளுபடி கிடையாது, ஆறு மாதத் தவணை கிடையாது, கிடங்கில் வைத்துக்கொள்ளும் வசதியும் கிடையாது. இதையும் அவர் ஒருமுறைச் செலவு என்று எழுதியிருப்பார். ஆனால் இந்தத் தடவை காசு நிஜமாகவே கையை விட்டுப் போனது.